போகிப் புகையும் பி-மதிப்பும்: ஒரு தேர்வுக் கேள்வியைப் பிரித்துப் பார்த்தல்

வடசென்னைக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் துணைப்பாடம். எண்ணூர், காசிமேடு, கொடுங்கையூர், மணலி என்று பல பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கணக்கு என்றாலே தள்ளி நிற்கிறவர்கள்தான் அதிகம். ஆனாலும் பாடத்தின் கடைசி அலகு அவர்களுக்குப் பிடிக்கும். ஏமாற்றும் வரைபடங்களையும் தப்பாகப் பயன்படும் பி-மதிப்பையும் பற்றிய அலகு அது. பலனே இல்லை என்று வைத்துக்கொண்டால், கண்ட அளவோ அதைவிட அதிகமோ வேறுபாடு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்தான் பி-மதிப்பு, சுருக்கமாக p.

அந்த அலகுக்கு வினா வங்கியில் ஏற்கெனவே ஒரு கேள்வி இருந்தது. நான்கு வரைபடங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எப்படித் திசைதிருப்புகிறது என்று எழுதச் சொல்லும். கிட்டத்தட்ட எல்லோருமே நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். விடைத்தாள்களை வரிசையாக வைத்துப் படித்தால் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: "அச்சு பூஜ்யத்தில் தொடங்கவில்லை, எனவே இது ஏமாற்று வேலை." அச்சு பூஜ்யத்தில் தொடங்கிய வரைபடத்துக்கும் சிலர் இதையே எழுதியிருந்தார்கள். வாங்கிய மதிப்பெண்ணை வைத்து நன்றாகப் படிப்பவரையும் மனப்பாடம் செய்தவரையும் பிரிக்க முடியவில்லை. மொத்த மதிப்பெண்ணில் மேலே இருந்த மூன்றில் ஒரு பங்கினரும் கீழே இருந்த மூன்றில் ஒரு பங்கினரும் இந்தக் கேள்வியில் ஏறக்குறைய ஒரே அளவு எடுத்திருந்தார்கள். ஒரு கேள்வி வேலை செய்யவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது.

துறையில் மூத்த ஆசிரியை ஒருவர் அந்தக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாலும் தப்புன்னு தெரிஞ்சா எவன் சார் படத்தைப் பார்ப்பான்? தப்பே இல்லாத ஒண்ணை உள்ளே வைங்க." புதிய கேள்வியை அந்தப் பேச்சிலிருந்துதான் கட்டினோம்.

கேள்விக்கு ஒரு கற்பனைத் துண்டறிக்கை எழுதினோம். ஒரு தெருவில் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வைத்ததாகவும், அது பெரிய வெற்றி என்றும் அறிக்கை பெருமைப்பட்டுக்கொள்ளும். எண்கள் அத்தனையும் நாங்களே உண்டாக்கியவை. கேள்வித்தாளில் அதை வெளிப்படையாகவே போட்டுவிட்டோம். இந்தப் பக்கத்தில் காற்று என்றால் பிள்ளைகள் நிஜமென்றே எடுத்துக்கொள்வார்கள். அவரவர் வீட்டு வாசலில் இருக்கும் விஷயம் அது.

துண்டறிக்கையில் இரண்டே பட்டைகள் கொண்ட வரைபடம் ஒன்று. "முன்பு" என்ற பட்டை 63, "பின்பு" என்ற பட்டை 53. இரண்டும் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளின் சராசரி அளவு, கன மீட்டருக்கு மைக்ரோகிராமில். செங்குத்து அச்சு 50-இல் தொடங்குகிறது. அதனால் முதல் பட்டையின் உயரம் 13 அலகு, இரண்டாவதின் உயரம் 3 அலகு. கண்ணுக்கு மாசு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டதுபோல் தெரியும். உண்மையில் 63-இலிருந்து 10 குறைந்திருக்கிறது, அதாவது சுமார் 16 சதவீதம். இந்தியாவில் 24 மணி நேரச் சராசரிக்கு வரம்பு 60. "முன்பு வரம்புக்கு மேல், இப்போது வரம்புக்குள்" என்று அறிக்கையில் ஒரு வரியும் சேர்த்தோம். வரம்பு என்று வந்துவிட்டால் படிப்பவர் மேற்கொண்டு கேட்கமாட்டார்.

இதுவரை பழைய கேள்வியும் இதேதான். புதிதாகச் சேர்த்தது, பட்டைப் படத்துக்குக் கீழே வைத்த நாள்வாரி அட்டவணை:

முன்பு, ஜனவரி 8 முதல் 14 வரை: 52, 55, 50, 54, 57, 61, 112.

பின்பு, ஜனவரி 22 முதல் 28 வரை: 51, 54, 49, 55, 53, 56, 53.

112 என்ற எண் எந்த நாளுக்கு என்று பார்த்தால் ஜனவரி 14. அன்று போகி என்று கேள்வியில் நாங்கள் சொல்லவில்லை, தேதியை மட்டும் கொடுத்தோம். விடிவதற்கு முன்பே பழைய பாயும் துணியும் டயரும் எரிந்து தெருவெல்லாம் புகை மூட்டமாகும் நாளை இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் போகிக்கு என்றே தனியாக அளவெடுக்கிறது. அதைச் செய்தியில் படித்தவர்களும் வகுப்பில் இருந்தார்கள்.

முதல் வாரத்தின் சராசரி 63 ஆனதற்கு அந்த ஒரு நாள்தான் காரணம். அதை எடுத்துவிட்டு மற்ற ஆறு நாளுக்குப் பார்த்தால் சராசரி 54.8, பிந்தைய வாரத்தின் 53-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. நாளை எடுக்காமலே இடைநிலையைப் பார்த்தாலும் அதே கதைதான்: முன்பு 55, பின்பு 53. பத்து அலகு வீழ்ச்சி இரண்டு அலகாகச் சுருங்கிவிடுகிறது. வரம்பைத் தாண்டிய நாட்கள் எத்தனை என்று எண்ணினால் முதல் வாரத்தில் இரண்டு (61, 112), அடுத்ததில் ஒன்றுமில்லை. இதை வைத்துக் கருவிக்காகவும் வாதாடலாம், சரி. ஆனால் 61 என்பது வரம்பை ஒரு புள்ளி தாண்டிய நாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். அச்சு 50-இல் தொடங்குவது ஒரு குறை, போகி நாள் சேர்ந்திருப்பது வேறொரு குறை. அச்சைப் பூஜ்யத்துக்கு மாற்றி வரைந்தாலும் இரண்டாவது குறை அப்படியே இருக்கும். பட்டைகள் நேர்மையாகிவிடும், ஆனால் முடிவு தப்பாகவே இருக்கும். பழைய கேள்வி முதல் குறையை மட்டும் கேட்டதால், அச்சைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் மாணவர்களுக்கு வந்திருந்தது. அதனால் முதல் உட்கேள்வியை இப்படி எழுதினோம்: "அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கி இதே பட்டைகளை மறுபடி வரையவும். அதற்குப் பிறகும் அறிக்கையின் முடிவை ஏற்க முடியாததற்கு அட்டவணையிலிருந்து ஒரு காரணம் காட்டவும்." பாடத்தை அப்படியே ஒப்பிப்பவர் முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுவார்.

அடுத்து, தப்பே இல்லாத வரைபடம். காய்ச்சல்காரர் ஒருவரின் உடல் வெப்பநிலையை நான்கு மணிக்கொரு தரம் குறித்த கோட்டுப்படம் அது. அச்சு 97 டிகிரி ஃபாரன்ஹீட்டில் தொடங்கி 104-இல் முடிகிறது. பூஜ்யம் இல்லை, இருக்கவும் கூடாது. பூஜ்யத்திலிருந்து வரைந்தால் 98.6-க்கும் 103-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு கோணல் கோடாகக்கூடத் தெரியாது, நோயாளி நன்றாக இருப்பதாகத் தோன்றும். பட்டைப் படத்தில் கண் நீளத்தை ஒப்பிடுகிறது. நீளம் அடியிலிருந்து முழுதாக இருந்தால்தான் ஒப்பீடு சரியாக இருக்கும். கோட்டுப்படத்தில் கண் பார்ப்பது புள்ளியின் இடத்தையும் ஏற்ற இறக்கத்தையும். அங்கே பூஜ்யம் கட்டாயமில்லை, அச்சில் எண்கள் தெளிவாக இருந்தால் போதும். "இந்தப் படத்தில் திருத்த வேண்டியது ஏதாவது உண்டா? காரணத்துடன் எழுதவும்" என்று கேட்டோம். பாதிக்கு மேற்பட்டவர்கள் அச்சைத் திருத்தச் சொன்னார்கள். இந்த உட்கேள்விதான் நன்றாகப் படித்தவர்களையும் மற்றவர்களையும் எல்லாவற்றையும்விடத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது.

படம் அச்சாகும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்மதிப்பீட்டுத் தாள்கள் எங்களிடம் ஜெராக்ஸில்தான் போகும். வண்ணத்தில் வரைந்த பட்டைகள் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும், அச்சு எண்களில் 50 என்பது 60 போலத் தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் கிடைக்கும் பொறி எதையும் கேள்வியில் வைக்கக் கூடாது. பட்டைகளுக்குக் கோடு போட்ட நிரப்பு, அச்சில் பெரிய எண்கள், ஐந்து அலகுக்கு ஒரு கிடைக்கோடு என்று முடிவு செய்து, ஒரு பிரதி எடுத்துப் பார்த்த பிறகே அனுப்பினோம். வாசிக்கத் தெரிகிறதா என்று சோதிக்கிறோம், கண்பார்வையை அல்ல.

இனி பி-மதிப்பு. துண்டறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு பத்தி: "கருவி உள்ள தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் மக்களிடம் 20 உபாதைகளைப் பற்றிக் கேட்டோம். கருவி உள்ள தெருவில் இருமல் குறைவு (p = 0.04). எனவே கருவி வேலை செய்கிறது என்பது 96 சதவீதம் உறுதி."

மாணவர்கள் இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். p = 0.04 எதைச் சொல்கிறது, இருபதில் ஒன்றை மட்டும் காட்டுவது என்ன செய்கிறது. முதலாவதைத் தெரிவுக்கேள்வியாக வைத்தோம். தவறான விடைகளை நாங்கள் யோசித்து எழுதவில்லை. முந்தைய ஆண்டுகளின் விடைத்தாள்களில் மாணவர்கள் தாங்களே எழுதியவற்றிலிருந்து எடுத்தோம்:

அ) கருவிக்குப் பலன் இல்லாமல் இருக்க 4 சதவீத வாய்ப்பு மட்டுமே உண்டு.

ஆ) கருவியால் அந்தத் தெருவில் இருமல் 4 சதவீதம் குறைந்தது.

இ) இரு தெருக்களுக்கும் உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதைவிட அதிகமோ வேறுபாடு தற்செயலாகத் தென்பட 4 சதவீத வாய்ப்பு.

ஈ) இதே ஆய்வை மறுபடி மறுபடி செய்தால் 96 சதவீதத் தடவை இதே முடிவு வரும்.

விடை இ. இப்படியே வைத்தால் ஒரு ஓட்டை உண்டு: சரியான விடைதான் மிக நீளம். பாடம் தெரியாதவர்கள் நீளமானதைத்தான் குறிப்பார்கள், பள்ளியிலிருந்து வரும் பழக்கம் அது. எனவே கடைசி வடிவத்தில் மற்ற மூன்றையும் அதே நீளத்துக்கு நீட்டினோம். "திரட்டிய விவரங்களைப் பார்த்த பிறகு, கருவிக்கு எந்தப் பலனும் இல்லாமல் இருப்பதற்கு மிஞ்சியிருக்கும் வாய்ப்பு 4 சதவீதம் மட்டுமே" என்று அ விடை மாறியது. நீளம் சமமானதும் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் நிறையப் பேர். அதுதான் நிஜமான குழப்பம். கணிதத்தில் வலுவாக இருந்தவர்களும் அதில் விழுந்தார்கள்.

குழப்பம் எங்கே என்றால், பி-மதிப்பு ஒரு நிபந்தனையோடு தொடங்குகிறது: "பலன் இல்லை என்று வைத்துக்கொண்டால்." அப்படி வைத்துக்கொண்டு கணக்கிட்ட எண்ணை, பலன் இல்லை என்பதற்கான வாய்ப்பாகத் திருப்பிப் போட முடியாது. போகியன்று புகை இருக்கும் வாய்ப்பு மிக அதிகம், ஆனால் புகை இருக்கும் நாளெல்லாம் போகி ஆகிவிடாது. வகுப்பில் இந்த ஒரு வரி பல பேருக்கு வாசலைத் திறந்தது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையும் இதைத் தனிக் கொள்கையாகவே வைத்திருக்கிறது: ஒரு கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பைப் பி-மதிப்பு அளப்பதில்லை.

இரண்டாவது, காணாமல்போன பத்தொன்பது. இதற்கு வகுப்பில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம். ஒரு டிபன் டப்பாவில் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகள். இருபது பேர் ஒவ்வொருவராக வந்து ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போட வேண்டும். ஒருவர் இருமல், ஒருவர் சளி, ஒருவர் கண் எரிச்சல், ஒருவர் தலைவலி என்று ஆளுக்கு ஓர் உபாதை. 1 என்ற சீட்டு வந்தால் அந்த உபாதைக்கு "p 0.05-க்குக் கீழே" என்று கரும்பலகையில் எழுதுவோம். டப்பாவுக்குள் எந்தக் கருவியும் இல்லை, காற்றும் இல்லை. ஆனாலும் பெரும்பாலான சுற்றுகளில் யாராவது ஒருவருக்கு 1 வந்துவிடும். ஒரு சுற்றில் "தோல் அரிப்பு" மாட்டியது. பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "மேடம், கருவி அரிப்புக்கு நல்லாக் கேக்குது!" என்றான். மூத்த ஆசிரியை சிரித்துவிட்டு, அந்த வாக்கியத்தை அப்படியே துண்டறிக்கைத் தலைப்பாக எழுதச் சொன்னார்.

பிறகு கைபேசிக் கணிப்பானில் போட்டுப் பார்க்கச் சொன்னோம்:

```
1-0.95^20
```

0.64 வருகிறது. பலனே இல்லாத இருபது உபாதைகளைச் சோதித்தால், குறைந்தது ஒன்றிலாவது 0.05-க்குக் கீழே போக 64 சதவீத வாய்ப்பு. இந்தக் கணக்கு இருபதும் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்கிறது. இருமலும் சளியும் சேர்ந்தே வருபவை என்பதால் நிஜத்தில் எண் கொஞ்சம் மாறும். ஆனால் சொல்ல வந்ததை அது மாற்றாது. இருபது சோதனைகளுக்கு ஈடுசெய்ய எளிய வழி, 0.05-ஐ 20-ஆல் வகுத்து 0.0025-ஐ வரம்பாக எடுத்துக்கொள்வது. 0.04 அதற்குப் பக்கத்தில்கூட வராது. தேர்வில் இந்த வகுத்தலைக் கேட்கவில்லை. கேட்டது இது: "இந்தப் பத்தியை நம்புவதற்கு முன் அறிக்கை எழுதியவர்களிடம் என்ன ஒரு விவரம் கேட்பீர்கள்?" மற்ற பத்தொன்பதின் முடிவைக் கேட்பேன் என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண். எத்தனை பேரைக் கேட்டீர்கள் என்று எழுதியவருக்குப் பாதி. நல்ல கேள்விதான், ஆனால் இந்த ஓட்டையை அது மூடாது.

அறிக்கை முதல் பக்கத்தில், அதாவது 63-க்கும் 53-க்கும், பி-மதிப்பே கொடுக்கவில்லை. இதைக் கவனித்துக் கேட்டவர்கள் மிகச் சிலர், அவர்களுக்கு ஒரு கூடுதல் மதிப்பெண் வைத்திருந்தோம். இரண்டு சராசரிகளை ஒப்பிடும் வழக்கமான டி-சோதனையில் இரு வாரங்களையும் போட்டால் p 0.25-க்குச் சற்று மேலே வருகிறது. பத்து அலகு வீழ்ச்சி இருந்தும் இப்படி வருவதற்குக் காரணம் 112-தான்: சராசரியைத் தூக்கிவிட்ட அதே நாள் சிதறலையும் பெரிதாக்கிவிட்டது. இந்தச் சோதனையே இங்கு சரியாகப் பொருந்தாது என்பதையும் விடைக்குறிப்பில் எழுதிவைத்தோம். இன்றைய காற்று நேற்றைய காற்றைப் பொறுத்தது. அடுத்தடுத்த ஏழு நாட்களை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஏழு அளவீடுகளாக எண்ண முடியாது. முதலாண்டு மாணவரிடம் இதை எதிர்பார்க்கவில்லை. திருத்துகிற ஆசிரியர் தெரிந்துவைத்திருந்தால், இதை எழுதும் அபூர்வமான பிள்ளையின் விடையை அடித்துவிட மாட்டார்.

மதிப்பெண் பிரிப்பில் ஒரு கறார் விதி வைத்தோம்: "ஏமாற்று", "பொய்", "தவறான படம்" போன்ற சொற்களுக்குத் தனியாக எதுவும் கிடையாது. படத்திலிருந்தோ அட்டவணையிலிருந்தோ ஓர் எண்ணை எடுத்துக் காட்டினால்தான் மதிப்பெண். கடைசி உட்கேள்விக்கு எடை அதிகம்: "இந்த அட்டவணையை வைத்து நேர்மையாகச் சொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தை எழுதவும்." ஒருவர் எழுதியது: "கருவி வைத்ததற்கு முன்னும் பின்னும் சாதாரண நாட்களில் அளவு 49 முதல் 61 வரையிலேயே இருந்தது. ஜனவரி 14 மட்டும் 112." இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, ஆனால் துண்டறிக்கை மொத்தமும் காலியாகிவிட்டது. இன்னொருவர் போன வருடப் போகி வாரத்தின் அளவையும் அதற்கு அடுத்த வாரங்களின் அளவையும் கேட்டார். வேறொருவர் இதே நாட்களுக்கு இராயபுரம், கொடுங்கையூர் கண்காணிப்பு நிலையங்களின் அளவைக் கேட்டார். கருவியே இல்லாத இடத்திலும் இதே வீழ்ச்சி இருந்தால் வழக்கு முடிந்தது. ஒப்பீட்டுக் குழு என்ற பெயர் இருவரின் விடையிலும் இல்லை, கருத்து முழுதாக இருந்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. திருத்துவதற்குப் பழைய கேள்வியைவிட நெடுநேரம் பிடிக்கிறது. இரு ஆசிரியர்கள் கொடுக்கும் மதிப்பெண்ணும் ஒத்துப்போவதில்லை, முக்கியமாக அந்த ஒரு வாக்கிய விடையில். முதலில் சில தாள்களை இருவரும் தனித்தனியாகத் திருத்தி, வேறுபட்ட இடங்களைப் பேசித் தீர்த்த பிறகுதான் மற்றவற்றைத் தொட்டோம். அப்புறம், கேள்வி ஒருமுறை வெளியே போய்விட்டால் அடுத்த ஆண்டு ஜனவரி 14-ஐப் பார்த்ததுமே "போகி" என்று எழுதிவிடுவார்கள்.

அடுத்த தாளுக்கு வடிவத்தைத் திருப்பிவிட்டோம். இந்த முறை பி-மதிப்புப் பக்கத்திலும் நேர்மையான ஒன்று உண்டு. எட்டெட்டுப் பேர் கொண்ட இரண்டு சிறு குழுக்கள், சராசரி வேறுபாடு 6 புள்ளி, உண்மையான வேறுபாடு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் 95 சதவீத நம்பக இடைவெளி −3 முதல் 15 வரை, p = 0.17. அறிக்கை சொல்வது: "இந்தச் சிறிய ஆய்வை வைத்து எதுவும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை." அதற்குக் கீழே ஒரு செய்தித் தலைப்பு: "கருவியால் பயனில்லை என்று நிரூபணம்." இரண்டில் எது விவரங்களோடு ஒத்துப்போகிறது என்பது கேள்வி. இடைவெளிக்குள் பூஜ்யமும் இருக்கிறது, 15 என்ற பெரிய பலனும் இருக்கிறது. ஆகவே பயனில்லை என்பதும் நிரூபணமாகவில்லை. மாதிரித் தேர்வில் நிறையப் பேர் தலைப்பின் பக்கம்தான் போனார்கள். p 0.05-ஐத் தாண்டிவிட்டால் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். விடைக்குறிப்பில் இப்போது மதிப்பெண் இடைவெளியின் இரு முனைகளையும் எடுத்துக் காட்டுபவருக்குத்தான்.